கையெழுத்துத் தாள் சுவரொட்டி ஆகும் வழி

ஊர்க் கூட்டம், கோவில் காரியம், ஊருணி வேலை என்று எதுவானாலும் செட்டிநாட்டு ஊர்களில் அறிவிப்பு இன்றைக்கும் பெரும்பாலும் ஒரு கோடு போட்ட தாளில், பெரியவர் ஒருவரின் கையெழுத்தில்தான் பிறக்கிறது. அதை யாராவது கைப்பேசியில் படம் எடுத்து, "இதை அழகாக அடித்து ஒரு போஸ்டராகக் கொடுங்கள்" என்று அனுப்பி வைப்பார்கள். காரைக்குடியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து பிழைக்கும் எனக்கு இது அடிக்கடி வரும் வேலை. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து படியெடுப்பது முதல் வேலை. படியெடுத்ததைப் பிரித்து, சுவரில் நின்று படிக்கும்படி அடுக்குவது இரண்டாவது வேலை. அடுக்கிக்கொண்டே படியெடுத்தால் நாம் நினைத்தது தாளுக்குள் புகுந்துவிடும். எழுதியவர் நினைத்தது வெளியே நின்றுவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் நடந்து பார்ப்போம். 2025 ஆடி மாதக் கடைசியில் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. நகரத்தார் சமூகத்தின் நகரச் சிவன் கோவிலில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர்களில் மூத்தவர் எழுதியது. நேராக விழாத படம். தாளின் மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் குறுகலாகவும் தெரிந்தது. எடுத்தவரின் கை நிழல் இடப்பக்கத்து நான்கு வரிகளின் மேல் விழுந்திருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதால் அது சுருங்கி, எழுத்தின் ஓரங்கள் மங்கிப் போயிருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படம் அச்சில் வரப்போவதில்லை. ஆகவே அது அழகாக இருக்க வேண்டியதில்லை, தெளிவாகப் படிக்க முடிந்தால் போதும். ஆனால் படிக்க முடியாத படத்தை எந்த மென்பொருளாலும் படிக்க முடிந்த படமாக்க இயலாது. நிழலை வெளுக்கச் செய்யலாம், சாய்வை நிமிர்த்தலாம். சுருக்கும்போது தொலைந்த புள்ளி தொலைந்ததுதான். அதனால் மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். வீட்டின் நடுக்கட்டான வளவில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் தாளைத் தரையில் விரிக்கச் சொன்னேன். முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே, தாளோடு இணையாகப் பிடித்தால் நான்கு ஓரமும் திரையின் ஓரங்களுக்கு ஒத்து நிற்கும். எடுத்ததைப் படமாக அனுப்பாமல் கோப்பாக, அதாவது வாட்ஸ்அப்பில் ஆவணம் என்ற வழியில், அனுப்பினால் சுருங்காமல் வந்து சேரும். இரண்டாவது படத்தில் எல்லாம் தெரிந்தது.

படத்திலிருந்து எழுத்தைத் தானே பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர். வசதிகள் இருக்கின்றனவே, அதில் போடக்கூடாதா என்று கேட்பார்கள். அச்சடித்த தமிழ்ப் பக்கத்தை அவை நன்றாகவே படிக்கின்றன. ஒரு பெரியவரின் கூட்டெழுத்தில் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்தில் வரும் பிழைகள் பல நேரம் சரியான சொற்களைப் போலவே தோன்றுவதுதான் எனக்குச் சங்கடம். அறுபது எழுபது சொற்கள் உள்ள ஓர் அறிவிப்பைக் கையால் அடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பிழை தேடித் திருத்த அதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே இந்த அளவுத் தாளுக்கு நான் கையால்தான் அடிக்கிறேன்.

பெரியவர் எழுதியிருந்தது இது. நான் படியெடுத்தபடியே தருகிறேன்:

"உ. சிவமயம். நகரத்தார் அனைவருக்கும் அறிவிப்பு. நமதூர் நகரச் சிவன் கோவில் ஊருணி படித்துறை இடிந்தும் வரத்துக்கால் அடைபட்டும் இருப்பதால் மழைக்கு முன் சீர் செய்வது பற்றிப் பேசி முடிவு செய்ய நிகழும் விசுவாவசு ௵ ஆவணி ௴ 1 ௳ 17-8-2025 ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு ௸ கோவில் முன்மண்டபத்தில் நகரக் கூட்டம் நடைபெறும். புள்ளிக்கு ஒருவர் தவறாமல் வரவும். புள்ளி வரி ரூ.500/- கூட்டத்தில் செலுத்தலாம். வெளியூரில் இருப்போர் காரியக்காரரிடம் தெரிவிக்கவும். இப்படிக்கு, காரியக்காரர்கள்."

புள்ளி என்பது நகரத்தார் கணக்கில் மணமான ஒரு தம்பதி. அறிவிப்பு இப்போது பார்க்க நேராக இருக்கிறது. தாளில் இது இவ்வளவு நேராக இல்லை. நான் நின்று யோசித்த இடங்களைச் சொல்கிறேன். படியெடுப்பில் சறுக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இவைதாம்.

முதலாவது, ரகரமும் காலும். அச்சில் 'ர' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சாய்ந்த கோடு உண்டு, 'ா' என்ற துணைக்காலுக்கு அது இல்லை. கையெழுத்தில் பலர் அந்தச் சாய்கோட்டைப் போடுவதில்லை. 'காரியக்காரர்' என்ற சொல் தாளில் ஒரே மாதிரியான கம்பிகளின் வரிசையாக நின்றது. பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. அடிக்கிறவர் காலுக்குப் பதிலாக ரகரத்தை அடித்துவிட்டால், சில எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆகவே இந்த இரண்டும் நன்றாக வேறுபட்டுத் தெரிகிற ஓர் எழுத்துருவில் படியெடுப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, பழைய வடிவங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொக்கியோடு எழுதுவார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் காலை ஒட்டி வளைத்த பழைய உருவம் உண்டு. இந்தப் பெரியவரின் தாளில் 'காலை' என்ற சொல் அப்படித்தான் இருந்தது. பழக்கமில்லாத கண்ணுக்கு அது ஏதோ அடித்துத் திருத்திய இடம் போலத் தெரியும். ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு தடுக்காது.

மூன்றாவது, குறிகள். இதில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் வட்டாரத்துக் கணக்கேடுகளில் ஊறியவர்களின் கை இன்னும் இவற்றை மறக்கவில்லை. ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம், ௳ என்பது நாள், ௸ என்பது மேற்படி. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என்றும் குறிகள் இருக்கின்றன. மாதக் குறி கிட்டத்தட்ட 'மீ' போலத் தோன்றுவதால் பலர் 'ஆவணி மீ' என்றே அடித்துவிடுகிறார்கள். மேற்படிக் குறி பத்திரங்களில் 'ஷை' என்று அடிக்கப்பட்டு, இப்போது அதையே ஒரு சொல்லாக வாசிக்கிறவர்களும் உண்டு. யுனிகோடில் இந்தக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருக்கிறது, ஆகவே ஒப்பான எழுத்தைத் தேடிப் போட வேண்டிய தேவை இல்லை. ஆனால் எல்லா எழுத்துருவிலும் இவை வரையப்பட்டிருக்காது. குறி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தெரிந்தாலோ, அது மட்டும் வேறு பருமனில் தெரிந்தாலோ அந்த எழுத்துருவில் அது இல்லை என்று பொருள். Noto Serif Tamil என்ற இலவச எழுத்துருவில் இவை இருக்கின்றன.

நான்காவது, எண்கள். ஒரு சொல் தவறினால் வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். எண் தவறினால் ஊகிக்க வழியே இல்லை. பெரியவரின் தாளில் தேதி 17 போலவும் இருந்தது, 11 போலவும் இருந்தது. அவருடைய ஏழு தலை குனியாத ஏழு. நல்ல வேளையாக அந்த வரியிலேயே இரண்டு சாட்சிகள் இருந்தன. 2025 ஆகஸ்ட் 17 ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 11 திங்கட்கிழமை. நாட்காட்டியில் ஆவணி முதல் நாள் ஆகஸ்ட் 17-இல் விழுகிறது, ஆகஸ்ட் 11 ஆடி 26. தாளில் ஞாயிறு என்றும் ஆவணி 1 என்றும் இருப்பதால் 17 உறுதி. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றும் எழுதும் நம் வழக்கத்தால் கிடைக்கிற பெரிய உதவி இது. மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துவராவிட்டால், எழுதியவரே தவறியிருக்கிறார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தொகைக்கு அப்படிச் சாட்சி இல்லை. 'ரூ.500/-' என்று அவர் எழுதியது, சாய்கோடு செங்குத்தாக விழுந்ததால் '5001-' என்றும் வாசிக்கும்படி இருந்தது. மொய்யும் நன்கொடையும் ஒன்றில் முடிகிற பழக்கம் உள்ள ஊரில் 5001 என்பதும் நம்பத்தகுந்த தொகைதான். இங்கே யோசித்துப் பயனில்லை. தொலைபேசியில் கேட்டேன்.

"அண்ணே, புள்ளி வரி ஐந்நூறு ரூபாயா, ஐயாயிரத்து ஒன்றா?"

"ஐந்நூறுதான் தம்பி. ஐயாயிரம் போட்டுவிட்டால் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?"

நான் பழகிக்கொண்ட விதி இது: தாளுக்குள்ளேயே சரிபார்க்க முடிந்ததை நாமே சரிபார்க்கலாம். முடியாததைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். தொகை, பெயர், விலாசம், தொலைபேசி எண் நான்கும் கேட்க வேண்டியவை. விலாசம் என்று நகரத்தார் சொல்வது வீட்டுப் பெயர் வரிசையின் முதலெழுத்துகளை. அவை ஓரெழுத்தாக இராமல் 'சித.', 'அரு.', 'பழ.' என்று ஈரெழுத்தாகவும் வரும். அவற்றின் வரிசை மாறினால் அது வேறு வீடு. நமக்குப் பிழையாகத் தெரிந்தாலும் அதில் கைவைக்கக்கூடாது. சந்தி ஒற்று விட்டுப்போயிருந்தால் சேர்க்கலாம், சேர்த்ததை எழுதியவரிடம் சொல்லிவிட வேண்டும். 'கோவில்' என்று எழுதியதைக் 'கோயில்' ஆக்குவது தேவையற்ற வேலை.

படி முடிந்தது. இனி அடுக்குதல்.

பெரியவரின் தாள் ஒரு கடிதத்தின் ஒழுங்கில் இருக்கிறது. காரணம் முதலில் வருகிறது, தேதி நடுவில், செய்தி வாக்கியத்தின் கடைசியில். கையில் வைத்துப் படிக்கிறவருக்கு இது மரியாதையான ஒழுங்கு. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் சுவரைப் பார்க்கிறவருக்கு இது ஒத்துவராது. அவர் முதலில் தேடுவது என்ன விஷயம், எப்போது, எங்கே என்ற மூன்றும்தான். ஏன் என்பது அதற்குப் பிறகு. ஆகவே நீண்ட வாக்கியத்தை உடைத்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி கொடுத்தேன். சொற்கள் பெரும்பாலும் அவருடையவையே. இடம் மட்டும் மாறியது. குறிகளைச் சொற்களாக விரித்தேன், ஏனென்றால் இளையவர்கள் ௴ என்பதை 'மீ' என்று வாசித்துத் திகைப்பதைக் கண்டிருக்கிறேன். உகரச் சுழியை மட்டும் அப்படியே தலையில் வைத்தேன்.

உ
சிவமயம்

நகரக் கூட்டம்
நமதூர் நகரச் சிவன் கோவில் ஊருணி சீரமைப்பு பற்றி

17-8-2025 ஞாயிற்றுக்கிழமை
காலை 9.30 மணி
விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 1-ஆம் தேதி

கோவில் முன்மண்டபத்தில்

படித்துறை இடிந்தும் வரத்துக்கால் அடைபட்டும் இருப்பதால்
மழைக்கு முன் சீர் செய்வது பற்றிப் பேசி முடிவு செய்யப்படும்.
புள்ளிக்கு ஒருவர் தவறாமல் வரவும்.

புள்ளி வரி ரூ.500, கூட்டத்தில் செலுத்தலாம்.
வெளியூரில் இருப்போர் காரியக்காரரிடம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
காரியக்காரர்கள்

தாள் அளவு ஏ3, அதாவது 297-க்கு 420 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் விட்டால் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 257. எழுத்தின் அளவை பாயிண்ட்டில் சொல்வது வழக்கம், 72 பாயிண்ட் ஓர் அங்குலம். தலைப்புக்கு 90 பாயிண்ட் கொடுத்தேன். தேதிக்கு 54 கொடுத்துப் பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமை அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது, 48-இல் அடங்கியது. காரணம் கூறும் வரிகளுக்கு 26. தலைப்பும் தேதியும் தடித்த எழுத்து, மற்றவை சாதாரணம். ஒரே எழுத்துருக் குடும்பம்தான். மூன்று நான்கு எழுத்துருக்களைக் கலந்தால் எந்த வரி முக்கியம் என்பதை அளவால் காட்ட முடியாமல் போகிறது.

தமிழுக்கென்று இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். நம் எழுத்துகளுக்கு மேலேயும் புள்ளியும் சுழியும் உண்டு, கீழேயும் உகர ஊகார வால்கள் உண்டு. மென்பொருள் தானாகத் தரும் வரி இடைவெளியில் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கிற்குச் சற்றுக் குறைவாக, 1.4 மடங்கு வைத்தால் மூச்சு விடும். அடுத்தது, இரு பக்க ஓரமும் சமமாக நிற்கும்படி இழுத்து நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களே அடங்கும்போது, அவற்றை இழுத்து நிறுத்தினால் நடுவே பள்ளம் பள்ளமாக வெளி விழும். நடுவில் நிறுத்தி, பொருள் முடிகிற இடத்தில் நாமே வரியை வெட்டுவது நல்லது. 'மழைக்கு முன்' என்பதில் 'முன்' அடுத்த வரிக்குப் போகக்கூடாது. 'காலை' ஒரு வரியிலும் '9.30' அடுத்த வரியிலும் நிற்கக்கூடாது. விலாசமும் பெயரும் அப்படியே. பிரியாத இடைவெளி என்று ஒன்று பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு, அதை அவற்றுக்கு நடுவே போட்டால் சேர்ந்தே நகரும்.

இதை நான் செய்தது லிப்ரெஆபீஸ் டிராவில். இங்க்ஸ்கேப்பிலும் செய்யலாம், இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் சரியாக அமையும். பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. 'கொ' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்தின் இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றால், அந்த மென்பொருளுக்குத் தமிழ் யுனிகோடை அமைக்கத் தெரியவில்லை, அல்லது அதற்கான அமைப்பு திறக்கப்படவில்லை என்று அறியலாம். இதன் மறுபக்கமும் நடக்கும். சில அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள்தாம். அவற்றில் அடித்த 'தமிழ்' என்ற சொல் வேறு கணினியில் `jkpo;` என்று தெரியும். அச்சகத்தில் இந்தச் சிக்கல்களிலிருந்து தப்ப எளிய வழி, அச்சகத்துக்கு எழுத்தாக அனுப்பாமல் எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்புவது. அனுப்பும் முன் அதை வேறு ஒரு கைப்பேசியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பிழை பார்ப்பதை நான் தனியாகச் செய்வதில்லை. அடித்தவரின் கண் தான் அடித்ததைப் பார்க்காது, அடிக்க நினைத்ததைத்தான் பார்க்கும். கடையில் இருக்கும் இன்னொருவர் கையெழுத்துத் தாளை உரக்கப் படிக்க, நான் அச்சுப் பிரதியில் விரல் வைத்துத் தொடர்வேன். எண்களை அவர் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும், பதினேழு என்று சொல்லாமல் ஒன்று, ஏழு என்று. பிறகு உண்மையான அளவில் ஒரு தாள் அடித்துச் சுவரில் ஒட்டி எட்டு அடி தள்ளி நின்று பார்ப்பேன். திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்து சுவரில் எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் தெரியும். இந்தத் தாளில் இடத்தைக் குறிக்கும் வரி அப்படித்தான் ஒடுங்கிப்போயிருந்தது, அதை 32-இலிருந்து 40 ஆக்கினேன்.

மெய்ப்பை எடுத்துக்கொண்டு மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வளவின் தூணோரம் அமர்ந்து இரண்டு முறை படித்தார். எல்லாம் சரியென்றார். நான் கடைசி வரியைக் காட்டினேன்.

"அண்ணே, வெளியூரில் இருப்போர் காரியக்காரரிடம் தெரிவிக்கவும் என்று இருக்கிறது. எந்த எண்ணில் தெரிவிப்பார்கள்?"

அவர் தாளை வாங்கி மறுபடி பார்த்தார். "என் எண் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும். இது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கைப்பேசியில் போகுமே. அங்கே இருக்கிற பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

கையெழுத்துத் தாளில் எண் இல்லாதது எனக்கும் படியெடுக்கும்போது தோன்றவில்லை. கேள்விக்கு ஒரு வரி என்று பிரித்து வைத்த பிறகுதான், 'யாரிடம்' என்ற கேள்விக்கு எதிரே வெறும் இடம் இருப்பது கண்ணில் பட்டது. அவர் எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டு கடைக்கு வந்து, கடைசி வரிக்குக் கீழே ஐந்தைந்து இலக்கமாகப் பிரித்து 36 பாயிண்ட்டில் அடித்தேன். திருத்திய பிரதி அச்சில் வந்ததும், குறிப்பேட்டைப் பார்க்காமல் அந்தத் தாளையே பார்த்து ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்கள் தம்பி."

"ஒன்றுமில்லை அண்ணே, எண் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன்.